ஜனவரியில் ஏது மாங்காய்?

பழைய பில்லிங் மென்பொருளில் இருந்து ஒரு விற்பனைக் கணக்கை எக்செலுக்கு மாற்றி முடித்தவுடன் எல்லோரும் முதலில் பார்ப்பது கீழே இருக்கும் மொத்தத்தைத்தான். பழைய பிரிண்ட் அவுட்டில் இருக்கும் மொத்தமும் புது ஷீட்டின் மொத்தமும் ஒன்றாக இருந்தால் "சரி, வந்துடுச்சு" என்று ஃபைலை மூடிவிடுகிறார்கள். மொத்தம் ரூபாய் வரைக்கும் பொருந்தி, உள்ளே பாதிக்குப் பாதி தேதிகள் தப்பாக இருக்கும் கணக்குகளை நான் பார்த்திருக்கிறேன். தேதி எந்த மாதத்துக்குப் போனாலும் கூட்டுத்தொகை மாறாது, அதனால் மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அது படவே படாது. அதைப் பிடிக்கப் பத்து நிமிடத்தில் போடக்கூடிய ஒரு பைவட் டேபிளும் ஒரு சார்ட்டும் போதும். கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டிக்காக இதைச் செய்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் வரக்கூடிய முக்கியமான கோளாறுகள் மூன்றும் அந்த ஒரே ஃபைலில் இருந்தன.

மண்டிக்காரரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சந்தூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டினம் பக்கமிருந்து விவசாயிகள் காய் கொண்டுவருவார்கள். அதை லாட் லாட்டாகப் பிரித்து வெளியூர் வியாபாரிகளுக்கும் கூழ் ஃபேக்டரிகளுக்கும் விற்பார். சீசன் என்றால் ஏப்ரலில் தொடங்கி ஜூலையோடு அடங்கிவிடும். அதற்கப்புறம் கடை திறந்திருக்கும், ஆனால் காய் இருக்காது. இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

அவரிடம் இருந்தது 2023 சீசன் கணக்கு. பழைய மென்பொருள் பிரிண்டருக்கு அனுப்பும் அதே அறிக்கையை ஒரு சிஎஸ்வி ஃபைலாகவும் எழுதித் தரும். கடையில் கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் அந்த ஃபைலை டபுள் கிளிக் செய்து எக்செலில் திறந்து, கொஞ்சம் சுத்தம் செய்து, எனக்கு அனுப்பியிருந்தான். ஒரு லாட்டுக்கு ஒரு வரி. தேதி, லாட் நம்பர், ரகம், வாங்கியவர், எடை, விலை, தொகை என்று ஏழு நெடுவரிசைகள். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது.

நான் முதலில் செய்வது, அந்த வரிகளுக்குள் எங்காவது கர்சரை வைத்து `Ctrl+T` அழுத்தி முறையான டேபிளாக மாற்றுவது. வெறும் ரேஞ்சை வைத்தும் பைவட் போடலாம். ஆனால் பின்னால் வரிகளைச் சேர்த்தாலோ நீக்கினாலோ பைவட் பழைய எல்லையையே பிடித்துக்கொண்டிருக்கும். டேபிளுக்குப் பெயர் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. நான் `Sales` என்று வைத்தேன். தலைப்புகளையும் `Date`, `Lot`, `Variety`, `Buyer`, `Kg`, `Rate`, `Amount` என்று சுருக்கமாக மாற்றிக்கொண்டேன். அப்புறம் `Insert` போய் `PivotTable`, புது ஷீட்.

முதல் பைவட்டில் வரிசைப் பக்கம் எதுவும் வைக்கவில்லை. `Amount`-ஐ மட்டும் `Values` கட்டத்தில் போட்டேன். எக்செல் அதைக் கூட்டவில்லை, எண்ணியது. `Count of Amount` என்று தலைப்பு வந்தது. நிறையப் பேர் இதை எக்செலின் வழக்கமான தொல்லை என்று நினைத்து, வலது கிளிக் செய்து `Sum` என்று மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள். நான் அங்கே ஒரு நிமிடம் நிற்பேன். தொகை என்ற நெடுவரிசையில் எல்லாமே எண்ணாக இருந்தால் பைவட் தானாகவே கூட்டியிருக்கும். எண்ணுகிறது என்றால் எங்கோ எண் அல்லாத ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அவசரப்பட்டு `Sum`-க்கு மாற்றினால் அந்த எழுத்து வரிகளை எல்லாம் பைவட் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, எச்சரிக்கை எதுவும் காட்டாமல் கூட்டிவிடும்.

இதற்கு எளிய வழி, `Amount`-ஐ `Values`-இல் இரண்டு தடவை போடுவது. ஒன்றை `Count` ஆகவே விட்டுவிட்டு, இன்னொன்றை `Summarize Values By` வழியாக `Count Numbers` என்று மாற்றினால் போதும். முதலாவது எழுத்தோ எண்ணோ காலியில்லாத எல்லாவற்றையும் எண்ணும். இரண்டாவது எண்களை மட்டும் எண்ணும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எழுத்தாகக் கிடக்கும் வரிகள். இந்த ஃபைலில் அவை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் மறுபடி மறுபடி அச்சான தலைப்புகளும், பக்க மொத்தத்துக்கு மேலே போட்ட கோடுகளும்தான். பையன் சிலவற்றை நீக்கியிருந்தான், எல்லாவற்றையும் இல்லை. தொகையே எழுத்தாக மாறியிருந்தால் அது பெரிய பிரச்சினை. தலைப்பும் கோடும் என்றால் நீக்கிவிட வேண்டியதுதான்.

இப்போது `Sum`. வந்தது ரூ. 5,59,27,050. பழைய அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்தது ரூ. 1,86,42,350.

வித்தியாசம் பெரிதாக இருந்தால் பயப்படுவதற்கு முன்னால் வகுத்துப் பார்க்க வேண்டும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் மிகச் சரியாக 3. ஒரு பைசா கூடக் குறைய இல்லை. இப்படி முழு மடங்காக வந்தால் தரவில் பிழை இல்லை, வரிகள் மறுபடி எண்ணப்படுகின்றன என்று அர்த்தம். லாட் வரிகள் ஒரு தடவை, பக்க மொத்தங்கள் எல்லாம் சேர்ந்து இன்னொரு தடவை, கடைசியில் வரும் பேரேட்டு மொத்தம் மூன்றாவது தடவை. பக்க மொத்தத்துக்குப் பதிலாக "முன்பக்க மொத்தம்" என்று ஓடிக்கொண்டே போகும் கூட்டல் இருந்திருந்தால் இந்த அழகான மூன்று வந்திருக்காது, எந்த மடங்கிலும் அடங்காத ஒரு பெரிய எண் வந்திருக்கும். அப்போதும் தேட வேண்டிய இடம் இதேதான்.

பார்ப்பதற்கு, `Variety`-ஐ வரிசையில் இழுத்துப் போட்டேன். பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா, மல்கோவா, நீலம் எல்லாம் வந்து, கடைசியில் `(blank)` என்று ஒன்று வந்தது. மூன்றில் இரண்டு பங்கு பணம் அந்த ஒரே வரியில். ரகம் இல்லாத, லாட் நம்பர் இல்லாத வரிகள் அவை. டேபிளில் `Lot` காலியாக உள்ள வரிகளை வடிகட்டி நீக்கினேன். பைவட்டுக்கு வந்து `Refresh` கொடுத்தேன், ஏனென்றால் பைவட் மூலத் தரவின் ஒரு நகலை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. மூலத்தை மாற்றினாலும் நாம் சொல்லும்வரை அது பழைய நகலையே காட்டிக்கொண்டிருக்கும். இப்போது மொத்தம் ரூ. 1,86,42,350. அறிக்கையோடு ரூபாய் பிசகாமல் பொருந்தியது.

இந்த இடத்தில்தான் பலர் நிறுத்துகிறார்கள். நான் `Date`-ஐ வரிசைப் பக்கம் இழுத்து, வலது கிளிக் செய்து `Group` கொடுத்து, `Months`, `Years` இரண்டையும் தேர்ந்தெடுத்தேன். வெறும் மாதம் மட்டும் கொடுத்தால் வெவ்வேறு வருடத்து ஜூன்கள் ஒன்றாகக் கலந்துவிடும், அதனால் வருடத்தையும் சேர்த்தே கொடுப்பது நல்லது. பிறகு அதன் மேலேயே ஒரு `PivotChart`, சாதாரணத் தூண் வரைபடம்.

பன்னிரண்டு தூண்கள் நின்றன.

ஜூனில் 53.3 லட்சம், மேயில் 40.7, ஏப்ரலிலும் ஜூலையிலும் ஏறக்குறைய 22. இவை நான்கும் ஏதோ ஒரு சீசனைப் போலத்தான் இருந்தன. ஆனால் ஜனவரியில் 5.8 லட்சம், பிப்ரவரியில் 6.3, மார்ச்சில் 6.1. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரையிலும் அப்படியே ஆறு லட்சத்தை ஒட்டி. நடுவில் ஒரு மேடு, இரண்டு பக்கமும் தரையோடு தரையாக ஒரே உயரத்தில் எட்டுத் தூண்கள்.

மண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஜனவரில ஏதுப்பா மாங்காய்? மரத்துல பூதான் இருக்கும்" என்றார். அவருக்குப் பைவட் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அந்தச் சார்ட்டைப் பார்த்த மாத்திரத்தில் தப்பைச் சொல்லிவிட்டார். எண்ணாகக் காட்டியிருந்தால் கண்ணாடியைத் தேடியிருப்பார். வரைபடம் போடுவதற்கு எனக்கு இதுவே போதுமான காரணம்: வியாபாரம் தெரிந்தவருக்கும் கணினி தெரிந்தவருக்கும் நடுவில் பேசுவதற்கு ஒரு பொதுப் படம் கிடைக்கிறது.

தப்பு என்று தெரிந்துவிட்டது. என்ன தப்பு என்று சொன்னது அந்தத் தூண்களின் ஒரே உயரம்தான். உண்மையான வியாபாரம் சீசன் இல்லாத எட்டு மாதமும் ஒரே அளவில் ஓடாது. கொஞ்சம் ஏறும், இறங்கும், ஒரு மாதம் ஒன்றுமே இருக்காது. எட்டு மாதத்துக்கும் ஏதோ ஒரு எந்திரம் சமமாகப் பங்கு போட்டுக் கொடுத்தது போலிருந்தால், அது உண்மையிலேயே எந்திரம் போட்ட பங்கு. உறுதி செய்ய, டேபிளில் ஒரு நெடுவரிசை சேர்த்தேன்:

```
=DAY([@Date])
```

பைவட்டைப் புதுப்பித்து, மாதத்துக்குக் கீழே இந்த நாளையும் வரிசையில் போட்டேன். ஜனவரியைத் திறந்தால் அதில் நான்கே நாட்கள்: 4, 5, 6, 7. பிப்ரவரியிலும் 4, 5, 6, 7. நவம்பரிலும் அவையே. எட்டு மாதங்களிலும் வியாபாரம் நடந்ததாகக் காட்டியது இந்த நான்கு தேதிகளில் மட்டும்தான். நான்கு என்பது ஏப்ரல், ஐந்து மே, ஆறு ஜூன், ஏழு ஜூலை. நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன.

நடந்தது இதுதான். மென்பொருள் தேதியை 05-04-2023 என்று எழுதுகிறது, அதாவது ஏப்ரல் 5. கடையில் இருந்த கணினியில் விண்டோஸின் பிராந்திய அமைப்பு வாங்கிய நாளில் இருந்தபடியே `English (United States)` என்று இருந்தது. நம் ஊர்க் கணினிகளில் பலவற்றில் அப்படித்தான் இருக்கும், யாரும் மாற்றுவதில்லை. அந்த அமைப்பில் சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்து திறந்தால், எக்செல் முதல் எண்ணை மாதம் என்று எடுத்துக்கொண்டு மே 4 என்று பதிந்துவிடும். நாள் 1 முதல் 12 வரை இருக்கும் எல்லாத் தேதிக்கும் இந்தக் கதிதான். 13-ஆம் தேதியில் இருந்து பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், அதை எக்செல் தேதியாக ஏற்காமல் எழுத்தாகவே விட்டுவிடுகிறது. ஆக, ஒரே நெடுவரிசையில் தப்பான தேதிகளும் தேதியே ஆகாத எழுத்துகளும் கலந்து கிடக்கும். இடது பக்கம் ஒட்டியிருப்பவை எழுத்து, வலது பக்கம் ஒட்டியிருப்பவை தேதி.

சுத்தம் செய்யாமல் அந்த நிலையிலேயே பைவட் போட்டிருந்தால், `Group` கொடுத்தபோதே `Cannot group that selection.` என்று எக்செல் மறுத்திருக்கும், ஏனென்றால் எழுத்து கலந்த நெடுவரிசையை மாதமாகப் பிரிக்க அதற்குத் தெரியாது. அந்த மறுப்பே ஒரு நல்ல எச்சரிக்கை. ஆனால் பையன் கெட்டிக்காரன். எழுத்தாகக் கிடந்தவற்றைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு சூத்திரத்தால் அவற்றை மட்டும் தேதியாக மாற்றியிருந்தான்:

```
=IF(ISTEXT([@Date]),
  DATE(RIGHT([@Date],4),MID([@Date],4,2),LEFT([@Date],2)),
  [@Date])
```

சூத்திரத்தில் பிழை இல்லை. 13 முதல் 31 வரையிலான தேதிகள் எல்லாம் சரியாகிவிட்டன. "ஏற்கெனவே தேதியாக இருப்பவை சரியானவை" என்ற அனுமானம்தான் தவறு. உண்மையில் தேதியாக மாறியிருந்தவைதான் கெட்டுப்போனவை, எழுத்தாகக் கிடந்தவை நல்லவை. சுத்தம் செய்த பிறகு நெடுவரிசை முழுக்கத் தேதியாகிவிட்டதால் எக்செலின் மறுப்பும் போய்விட்டது, கண்டுபிடிக்கச் சார்ட்டைத் தவிர வேறு வழி இல்லாமல் ஆகிவிட்டது. 2023 கணக்கு என்பதால் நவம்பர், டிசம்பர் தேதிகளும் பார்க்கச் சாதாரணமாகவே இருந்தன. நடப்புச் சீசன் கணக்கை ஆகஸ்டில் மாற்றியிருந்தால், இன்னும் வராத நாட்களில் விற்பனை நடந்ததாகக் காட்டியிருக்கும். அதனால் `Date`-ஐ `Values`-இல் போட்டு `Max` பார்க்கும் பழக்கமும் நல்லது.

இப்போது இதைச் சரி செய்வது. மாறிப்போன தேதிகளை மறுபடி திருப்பிப் போட ஒரு சூத்திரம் எழுதலாம்தான், ஆனால் எது மாறியது எது மாறவில்லை என்பது ஒரு தடவை சுத்தம் செய்த ஃபைலில் தெரியாது. ஜனவரி 4 என்று இருந்தால் மாறியது என்று தெரியும். ஜூன் 5 என்று இருந்தால்? அது ஜூன் 5 ஆகவே இருக்க வழியில்லை, மே 6-தான், என்று யோசித்துக்கொண்டே போக வேண்டும். யாராவது நடுவில் நான்கு தேதிகளைக் கையால் திருத்தியிருந்தால் அந்த யோசனையும் உடைந்துவிடும். மூல ஃபைலுக்கே திரும்பிப் போவதுதான் சுத்தமான வழி.

சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்யாமல், காலியான எக்செலில் `Data` போய் `From Text/CSV` கொடுத்து, `Transform Data` அழுத்தினேன். பவர் குவெரி என்ற ஜன்னல் திறக்கும். அதன் உள்ளே போனவுடன் வலது பக்கத்தில் `Changed Type` என்று ஒரு படி தானாகவே உட்கார்ந்திருக்கும். அதை முதலில் நீக்க வேண்டும். அதை விட்டுவிட்டு மேலே தேதி வகையைச் சொன்னால், ஏற்கெனவே தப்பாக மாறியதன் மேல் சொல்வதாகிவிடும். நீக்கிய பிறகு தேதி நெடுவரிசையில் வலது கிளிக், `Change Type`, `Using Locale`, வகை `Date`, மொழி `English (India)`. லாட் நம்பர் காலியாக உள்ள வரிகளையும், மறுபடி மறுபடி வரும் தலைப்பு, கோடு வரிகளையும் இங்கேயே வடிகட்டிவிட்டால் பக்க மொத்தங்களும் போய்விடும். லாட் நம்பர், எடை, விலை, தொகை நான்கும் எண் வகைக்கு மாற வேண்டும். அப்புறம் `Close & Load`.

மறுபடி அதே பைவட். மொத்தம் அதே ரூ. 1,86,42,350. ஆனால் தூண்கள் நான்குதான்: ஏப்ரல் 18.2 லட்சம், மே 52.6, ஜூன் 78.4, ஜூலை 37.2. முந்தைய சார்ட்டில் ஜூன் விற்பனை கால் கோடியாவது குறைவாகத் தெரிந்ததைக் கவனியுங்கள். எட்டு மாதத்துக்குப் பங்கு போனது இந்த நான்கில் இருந்துதான்.

ஒரு சின்ன விஷயம். பைவட் சார்ட்டில் விற்பனை இல்லாத மாதம் வெறுமையாக நிற்காது, காணாமலே போய்விடும். இரண்டு மூன்று வருடக் கணக்கைச் சேர்த்துப் பார்க்கும்போது ஜூலைக்குப் பக்கத்திலேயே அடுத்த ஏப்ரல் ஒட்டி நிற்கும், பார்ப்பவருக்கு இடைவெளி தெரியாது. தேதியின் `Field Settings`-இல் `Layout & Print` போய் `Show items with no data` என்பதை டிக் செய்தால் காலி மாதங்களும் வரும். அதோடு `<`, `>` குறி போட்ட இரண்டு வேண்டாத தலைப்புகளும் வரும், அவற்றை ஃபில்டரில் எடுத்துவிடலாம்.

மாதம் சரி, மொத்தம் சரி. அடுத்து விலை. மண்டியில் விலை நாளுக்கு நாள் மாறும், ஆனால் எந்த ரகம் எந்த மாதத்தில் ஏறும், இறங்கும் என்பது பொதுவாக எல்லோருக்கும் தெரியும். அதனால் ரகவாரியாக மாதச் சராசரி விலையைப் பார்ப்பது ஒரு நல்ல சோதனை. இதற்கு `Rate` நெடுவரிசையின் `Average`-ஐ எடுக்கக் கூடாது. ஐம்பது கிலோ லாட்டுக்கும் ஐந்து டன் லாட்டுக்கும் அது ஒரே மதிப்புக் கொடுத்துவிடும். `PivotTable Analyze`, `Fields, Items & Sets`, `Calculated Field` என்று போய், `AvgRate` என்ற பெயரில் இதை எழுதினேன்:

```
=Amount/Kg
```

இந்த வகைப் புலம் ஒவ்வொரு வரியிலும் வகுத்துவிட்டுக் கூட்டாது. அந்தக் கட்டத்துக்குரிய தொகையை எல்லாம் கூட்டி, எடையை எல்லாம் கூட்டி, கடைசியில்தான் வகுக்கும். வேறு சில கணக்குகளில் இது தொல்லை, நமக்கு வேண்டியது இதேதான்.

வரிசையில் மாதம், நெடுவரிசையில் ரகம், மதிப்பில் `AvgRate`. இந்தத் தடவை கோட்டு வரைபடம். செந்தூரா, அல்போன்சா எல்லாம் ஏற்கக்கூடிய அளவில் சரிந்துகொண்டு போயின. பெங்களூரா மட்டும் மேயில் ரூ. 20, ஜூனில் ரூ. 17 என்று இறங்கி, ஜூலையில் ரூ. 40 என்று நிமிர்ந்து நின்றது.

கிலோ நாற்பது என்பது தன்னளவில் பைத்தியக்காரத்தனமான எண் இல்லை. மாம்பழம் நாற்பது ரூபாய்க்கு விற்காததா? தனியாக அந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் நானே தாண்டிப் போயிருப்பேன். கோட்டின் போக்குதான் இடித்தது. பெங்களூரா கூழுக்குப் போகும் காய். ஜூன், ஜூலையில் ஃபேக்டரிகள் வாங்கும்போது லோடு லோடாக வரத்து இருக்கும், விலை தாழ்ந்திருக்கும். மற்ற ரகங்கள் இறங்கும்போது இது ஒன்று மட்டும் இரட்டிப்பாக முடியாது. மண்டிக்காரர், "ஃபேக்டரிக்காரங்க பதினாறுக்கு மேல தரலியே" என்றார். வெளியே இருந்து சரிபார்க்க ஜிஎஸ்டி ரிட்டர்ன் உதவாது, புதுப் பழத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. எனவே அவருடைய ஞாபகமும், எடைமேடைச் சீட்டுகளும்தான் சாட்சி.

விலை என்பது தொகையை எடையால் வகுத்தது. தொகையின் மொத்தம் அறிக்கையோடு பொருந்திவிட்டது. ஆகவே சந்தேகம் எடை மேல். எடையையும் மதிப்பில் சேர்த்து, ஜூலை, பெங்களூரா கட்டத்தில் 60,090 கிலோ என்று இருந்த எண்ணை டபுள் கிளிக் செய்தேன். பைவட்டில் எந்த எண்ணை டபுள் கிளிக் செய்தாலும் அது எந்தெந்த வரிகளில் இருந்து வந்ததோ அந்த வரிகளை மட்டும் ஒரு புது ஷீட்டில் கொட்டிவிடும். பைவட்டின் மிக உபயோகமான அம்சம் இது என்பது என் கருத்து. சந்தேகத்தில் இருந்து ஆதாரத்துக்கு ஒரே கிளிக்கில் போகலாம்.

அந்த ஷீட்டை எடையின்படி சிறியதில் இருந்து வரிசைப்படுத்தினேன். மேலே வந்தவை எல்லாம் ஃபேக்டரி லோடுகள். ஒரு வரியில் எடை 9.2, விலை 16,000, தொகை 1,47,200. எடைமேடைச் சீட்டில் டன்னில் இருந்ததை அப்படியே டன்னில் ஏற்றியிருக்கிறார்கள், விலையையும் டன்னுக்கு. மென்பொருளின் திரையில் அலகு தனியாகத் தெரிந்திருக்கலாம். சிஎஸ்விக்கு வரும்போது எண் மட்டும் வந்தது.

இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். எடையை விலையால் பெருக்கினால் தொகை வருகிறதா என்று வரிக்கு வரி சரிபார்ப்பது பலரும் செய்யும் சோதனை. 9.2-ஐ 16,000-ஆல் பெருக்கினால் மிகச் சரியாக 1,47,200. அந்தச் சோதனையில் இந்த வரி நிமிர்ந்து நின்று பாஸ் ஆகிவிடும். மொத்தத் தொகைச் சோதனையிலும் பாஸ். தேதிச் சோதனையிலும் பாஸ். எடைகளை எல்லாம் கூட்டி ஒரு சராசரி எடுத்தபோது மட்டும்தான் அது மாட்டியது. ஃபேக்டரிக்குப் போன 90 டன், கூட்டலில் வெறும் 90 கிலோவாகச் சேர்ந்திருந்தது. மீதி 60,000 கிலோவோடு சேர்ந்து 60,090. தொகையோ முழுத் தொகை, 24 லட்சம். வகுத்தால் நாற்பது. 90 டன்னை 90,000 கிலோவாக மாற்றியதும் எடை 1,50,000 ஆனது, சராசரி ரூ. 16. மண்டிக்காரர் சொன்ன எண்.

டபுள் கிளிக்கில் வந்த ஷீட் ஒரு நகல்தான். அதில் திருத்தினால் மூலத்தில் திருந்தாது. பவர் குவெரியில் `Rate` 1,000-க்கு மேல் இருக்கும் வரிகளுக்கு எடையை 1,000-ஆல் பெருக்கி, விலையை 1,000-ஆல் வகுக்கும் ஒரு படியைச் சேர்த்தேன். எந்த ரகமும் கிலோ ஆயிரம் ரூபாய்க்குப் போகாது என்பதால் அந்த எல்லைக்கோடு இங்கே செல்லும். ஏலக்காயோ முந்திரியோ விற்கும் கடையில் இதே எல்லையை வைத்தால் கணக்கு கெட்டுவிடும்.

சந்தேகப்பட்டதெல்லாம் பிழையாக இருக்கவும் இல்லை. மே மாதத்தை நாள்வாரியாகப் பார்த்தபோது ஒரு சில நாட்கள் எடை திடீரென்று கூடியும், விலை பாதிக்குக் கீழே விழுந்தும் இருந்தது. இங்கேயும் டன் கலந்திருக்குமோ என்று உள்ளே போய்ப் பார்த்தேன். எடையெல்லாம் கிலோவில்தான். மண்டிக்காரரிடம் கேட்டதும், "காத்து மழை அடிச்சுதுப்பா, உதிர்ந்த காயெல்லாம் கொண்டாந்து கொட்டிட்டாங்க" என்றார். அந்த வரிகளை அப்படியே விட்டுவிட்டேன். சார்ட்டில் அழகாகத் தெரியவில்லை என்பதற்காக ஒரு எண்ணைத் தொடக் கூடாது. காரணம் தெரிந்தால் விடவேண்டும், தெரியாவிட்டால் கேட்கவேண்டும்.

வரிகள் விடுபட்டிருக்கின்றனவா என்பதற்கும் இதே பைவட்டில் ஒரு குறுக்கு வழி உண்டு. `Lot`-ஐ மதிப்பில் மூன்று தடவை போட்டு `Min`, `Max`, `Count` என்று வைத்தால், முதல் நம்பருக்கும் கடைசி நம்பருக்கும் நடுவில் எத்தனை இருக்க வேண்டும், எத்தனை இருக்கின்றன என்று தெரிந்துவிடும். இங்கே 1 முதல் 2,341 வரை ஓடிய நம்பர்களில் 2,318 இருந்தன. குறைந்த 23-ம் ரத்து செய்த லாட்டுகள் என்று கைநோட்டில் இருந்தது. லாட் நம்பர் ஒரு வரிக்கு ஒன்று என்பதால் இது நடந்தது. ஒரே பில் நம்பரில் நாலைந்து வரிகள் வரும் கணக்கில் `Count` வரிகளைத்தான் எண்ணும், பில்களை அல்ல.

இவ்வளவு பார்த்த பிறகும் இந்தப் பைவட் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஒரு வியாபாரியின் லாட் இன்னொரு வியாபாரியின் பெயரில் ஏறியிருந்தால், மாதமும் மாறாது, ரகமும் மாறாது, விலையும் மாறாது. `Buyer`-ஐ வரிசையில் போட்டால் ஒரே பெயர் கடைசியில் ஒரு இடைவெளியோடு இரண்டாகப் பிரிந்து நிற்பது மட்டும் தெரியும். யார் கணக்கு யாருக்குப் போனது என்பது தெரியாது. அதற்கு ஒவ்வொருவருடைய பாக்கியையும் அவரவர் கையில் இருக்கும் சீட்டோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி இல்லை. மண்டிக்காரரிடம் அதைச் சொல்லி, பெயர்வாரி மொத்தத்தை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பெரிய பார்ட்டிகளில் இருந்து தொடங்கிப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு வருகிறார்.